பத்தொன்பதாம் தேதிக் கடிதம்

என் சகலையை எல்லாருக்கும் பிடிக்கும். இந்த ஒரு வாக்கியத்தை மனம் ஒப்பி எழுத எனக்குப் பதினேழு ஆண்டுகள் ஆயின.

என் மனைவியின் தங்கையை மணந்தவர் அவர். லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில், எந்த மெக்கானிக் எந்தக் கட்டடத்துக்கு எப்போது போகவேண்டும் என்று ஒழுங்கு செய்யும் வேலை. ஆள் குள்ளம், சட்டையை ஒழுங்காக உள்ளே விடத் தெரியாது, எழுதினால் ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்பது அவருக்கும் தெரியாது, அவர் எழுத்துக்கும் தெரியாது. ஆனால் நினைவு என்றால் அப்படி ஒரு நினைவு. பல் பிடுங்கிய மூன்றாம் நாள் “வீக்கம் வத்திடுச்சா?” என்று அழைப்பார். பக்கத்து வீட்டுக்காரரின் மகளுக்கு நேர்முகத் தேர்வு என்று போகிற போக்கில் ஒருமுறை சொல்லியிருப்போம். தேர்வன்று காலை அந்தப் பெண்ணுக்கு வாழ்த்துப் போயிருக்கும்.

“தம்பி மாதிரி வராதுங்க” என்பாள் என் மனைவி. சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவும் மாட்டாள். பார்த்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம். பார்க்காமல் காய் நறுக்குவாளே, அதைத்தான் தாங்க முடியாது.

நானும் நினைவில்லாதவன் அல்லன். பாடநூல் பதிப்பகம் ஒன்றில் அச்சுப் பிழை திருத்தும் மெய்ப்புப் பிரிவின் தலைவன். ஒரு நூலின் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு சொல் எப்படி அச்சாகியிருக்கிறது என்பதை இருநூறாம் பக்கத்தில் நினைவு வைத்திருப்பவன். “வரியின் கடைசிவரை படிக்காதவன் மெய்ப்புப் பார்ப்பவனே அல்லன்” என்று எழுதி, என் மேசைக்கு எதிரே கண்ணாடித் தடுப்பில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஆனால் இந்தத் திறமைக்கெல்லாம் குடும்பத்தில் மதிப்பு ஏது? பிறந்தநாளை மறந்தவன் மறந்தவன்தான்.

அதையும்கூட நான் மறந்ததில்லை. ஒவ்வோர் ஆண்டும் என் மனைவி பிறந்த மாதத்தின் பத்தொன்பதாம் தேதி காலையில், எப்படியோ, சரியான நேரத்தில் நினைவு வந்துவிடும். மனைவிக்கு வாழ்த்துச் சொல்லிவிடுவேன். ஒன்பது மணிக்கு மேல் சகலை அழைத்து அவளைப் பத்து நிமிடம் சிரிக்க வைப்பார். நான் சொன்ன வாழ்த்து அதில் கரைந்து போகும்.

அன்று காலை ஏழு மணிக்கு என்னையும் ஒருமுறை அழைப்பார். “அண்ணே, லிஃப்ட்ல ஒரு நோட்டீஸ் ஒட்டணும். ‘பழுது’க்கு எந்த ழு?” என்று ஏதாவது கேட்பார். சொன்னால், “நன்றிண்ணே. இன்னைக்குப் பத்தொம்பதுதானே? நோட்டீஸ்ல தேதி போடணும்” என்பார். பதினேழு ஆண்டுகளாக லிஃப்டில் பழுது வருகிறது, அந்த ஒரு சொல் மட்டும் ஏறவில்லையா என்று எரிச்சலாக இருக்கும்.

எல்லாவற்றுக்கும் சிகரம், என் மாமனாரின் கண். தபால் நிலையத்தில் கடிதம் பிரித்தே ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். இடது கண்ணின் விழித்திரையில் நீர் கசிகிறது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை கண்ணுக்குள் ஊசி போடவேண்டும். தவணை தவறி, அதனால் பார்வை போனால், போன பார்வை திரும்பாது என்று மருத்துவர் எங்கள் எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னார். “நான் கூட்டிட்டுப் போறேன்” என்று நான் வாய் திறப்பதற்குள் சகலை சொல்லிவிட்டார். அதன்பின் தேதிகளை நாங்கள் யாரும் கேட்டுக்கொள்வதே இல்லை. ஊசி போட்ட கையோடு மருத்துவமனையிலிருந்தே என் மனைவியை அழைத்து, “முடிஞ்சுதுண்ணி, மாமா டீ குடிக்கிறாரு” என்பார். அந்த டீயை நினைத்தாலே எனக்குக் கசக்கும்.

இந்த ஆண்டு அந்த மாதம் மூன்றாம் தேதி சகலை எங்கள் வீட்டுக்கு வந்தார். மாமாவின் கண் பரிசோதனை அறிக்கையை அச்செடுக்கவேண்டுமாம். என் கணினியில் தம் மின்னஞ்சலைத் திறந்து அச்செடுத்துக்கொண்டிருக்கும்போது அவருடைய போன் அடித்தது. எங்கோ நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் மூன்று பேர் மாட்டிக்கொண்டார்களாம். தாளை உருவிக்கொண்டு ஓடினார். மின்னஞ்சலை மூடவில்லை.

நான் மூடத்தான் உட்கார்ந்தேன். இதை யாரும் நம்பப்போவதில்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன். இடப்பக்கப் பட்டியலில் ‘திட்டமிட்டவை’ என்று ஒன்று இருந்தது. அதன் அருகே நாற்பத்தொன்று என்ற எண். எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அழுத்தினேன்.

நாற்பத்தொரு கடிதங்கள். ஒன்றும் இன்னும் அனுப்பப்படவில்லை. ஒவ்வொன்றின் எதிரிலும் வருங்காலத்து நாள், நேரம். பெறுநர் என்ற இடத்தில் எல்லாவற்றிலும் ஒரே முகவரி. அது அவருடையது. மனிதர் தமக்குத்தாமே கடிதம் எழுதி, இன்ன நாள் இன்ன நேரத்தில் வந்து சேர் என்று முன்கூட்டியே உத்தரவிட்டிருக்கிறார்.

இரண்டைத் திறந்து படித்தேன். ஒரு நாளுக்கு ஒரு கடிதம். அந்த நாளின் வேலையெல்லாம் அதற்குள் மணி வாரியாக. ‘8.15 கணக்காளர் அம்மா ஆப்பரேஷன் முடிஞ்சு ஒரு வாரம். விசாரி. 10.00 ஆறாம் நம்பர் கட்டடம் கேபிள் பார்க்க ஆள் அனுப்பு. 6.30 அண்ணன் முதுகுவலி எப்பிடினு கேள்.’

போன வாரம் எனக்கு முதுகு வலித்தபோது அவர் கேட்டதும், நான் உருகிப் போனதும் நினைவுக்கு வந்தன. வந்த ஆத்திரத்தில் எழுந்து நின்றுவிட்டேன். அன்பா இது? நேரம் வைத்த கடிகாரம். இந்தக் கடிகாரத்துக்குத்தானா என் மனைவி பதினேழு ஆண்டுகளாக மாலை போட்டாள்? பார்த்து எழுதியவன் முதல் மதிப்பெண் வாங்குவதும், படித்து எழுதியவன் பின்வரிசையில் நிற்பதும் எந்த ஊர் நியாயம்?

சமையலறையில் குழாய் நின்றது. மனைவி வரப்போகிறாள். பட்டியலில் கண் ஓடியது. பத்தொன்பதாம் தேதி, காலை 6.45. தடித்த எழுத்தில் பொருள்: ‘அண்ணி பிறந்தநாள்’. அதற்கு வலப்புறம் மங்கிய எழுத்தில் மீதி ஓடியது. அதை நான் படிக்கவில்லை. பக்கத்திலிருந்த கட்டத்தில் குறியிட்டேன். மேலே ‘அனுப்புவதை ரத்துசெய்’ என்று வந்தது. அழுத்தினேன். கடிதம் பட்டியலிலிருந்து விலகி வரைவுகளுக்குப் போயிற்று. எண் நாற்பது ஆயிற்று. மின்னஞ்சலை மூடினேன்.

“என்ன, வேர்த்திருக்கு?” என்றாள் மனைவி.

“ஃபேன் சரியா ஓடல.”

“ஃபேனை நீங்க போடவே இல்லையே.”

அதன்பின் பதினாறு நாள்கள் அந்தத் தேதி என் நெஞ்சிலே குத்திவைத்த முள்ளாக இருந்தது. வாழ்நாளில் எந்தத் தேதியையும் நான் அப்படிச் சுமந்ததில்லை. கைக்கடிகாரம் ஒன்று வாங்கி அலுவலக இழுப்பறையில் ஒளித்து வைத்தேன். பத்தொன்பதாம் தேதி காலை ஆறு மணிக்கே தலை சீவிக்கொண்டு கட்டிலருகே நின்றேன்.

மனைவி கண் விழித்துப் பயந்துபோனாள். “யாருக்கு என்ன ஆச்சு?”

“உனக்குப் பிறந்தநாள் ஆச்சு.”

அவள் சிரித்தாள். கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஏழு மணிக்கு என் போன் அடிக்கவில்லை. ‘பழுது’க்கு எந்த ழு என்று யாரும் கேட்கவில்லை. வெற்றி என்று எண்ணிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அலுவலகத்தில் ஏழாம் வகுப்பு அறிவியல் நூலின் மெய்ப்பு மேசையில் கிடந்தது. நான்கு பக்கம் பார்ப்பேன், வீட்டுக்கு அழைப்பேன்.

“யாராவது பேசினாங்களா?”

“எங்க சித்தி பேசினாங்க, மாடி வீட்டு டீச்சர் பேசினாங்க.”

“வேற?”

“வேற யார் பேசணும்?”

பதினொரு மணிக்கு மீண்டும் அழைத்தேன். பன்னிரண்டரைக்கும் அழைத்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த படவரைஞர், “சார், வீட்டுல பிரசவமா?” என்றார். நான் அடுத்த தாளைப் புரட்டினேன்.

ஒன்றரை மணிக்கு மனைவியே அழைத்தாள். குரலில் பிறந்தநாள் இல்லை.

“தம்பி இன்னும் பேசல. அவர் அப்படி இருக்கமாட்டாரே. உடம்பு கிடம்பு சரியில்லையோ?”

“மறந்திருப்பாரு. மனுஷன்தானே” என்றேன். அந்தச் சொற்கள் வாயில் இனித்தன.

“அதுக்கில்லைங்க. அப்பாவுக்கு ஊசி இந்த வாரம்தானே? ஊசின்னா ஆஸ்பத்திரியில இருந்து எனக்குப் போன் வந்திருக்கும். என்னைக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது என்று சொல்ல வாய் திறந்தேன். மங்கிய எழுத்தில் வலப்புறமாக ஓடிய அந்த வரி கண்முன் வந்தது. ஒரு நாளுக்கு ஒரு கடிதம். அந்த நாளின் வேலையெல்லாம் அதற்குள். நான் தடித்த எழுத்தோடு நின்றுவிட்டேன். தடுப்புக் கண்ணாடியில் என் கையெழுத்து எனக்கு எதிரே ஒட்டியிருந்தது.

மாமனாரை அழைத்தேன். “மாமா, இன்னைக்கு உங்களுக்கு ஊசியா?”

“கார்டுல அப்படித்தான் போட்டிருக்கு, மாப்ள. பதினொன்றரைன்னு.”

“மணி ஒன்றரை ஆச்சே. ஏன் யாருக்கும் சொல்லல?”

“கூட்டிட்டுப் போறவர் வரல. நானா தேடிப் போய் ஊசிக்குக் கண்ணைக் காட்டுவேனா? தப்பிச்சேன்னு படுத்திருக்கேன்.”

சிவப்புப் பேனாவை மூடக்கூட நிற்காமல் கிளம்பினேன். டாக்ஸி பிடித்து அவரை அள்ளிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது மூன்று அடிக்க இருபது நிமிடம். வழியிலேயே மனைவிக்குச் சொன்னேன். அவள் சகலைக்குச் சொல்லியிருக்கிறாள்.

விழித்திரைப் பிரிவின் முகப்பில் இருந்த நர்ஸ், கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பதினொன்றரைக்கு வரவேண்டியவங்க சார் நீங்க. லிஸ்ட் முடிச்சாச்சு.”

“நாளைக்கு வரட்டுமா?”

“நாளையில இருந்து பன்னெண்டு நாள் டாக்டர் இல்ல. போன தடவையே கசிவு கூடியிருக்குன்னு எழுதியிருக்காரு. பாருங்க.” கார்டில் சிவப்புக் கோடு போட்ட வரியைக் காட்டினார். மாமனார் அந்த வரியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். நர்ஸ் என் முகத்தைப் பார்த்தார். என்ன கண்டாரோ, “டாக்டர் இன்னும் தியேட்டர்லதான் இருக்காரு. கேட்டுப் பார்க்கிறேன். பெரியவருக்கு முதல்ல சொட்டு மருந்து விடறேன், உட்காருங்க” என்று உள்ளே போனார்.

அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மாமனாருக்குக் கண்மணி விரிந்து, எதிரே இருந்ததெல்லாம் கலங்கிற்று. என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். பிடி பலமாக இருந்தது. நான் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் நர்ஸ் வந்து, “ஒத்துக்கிட்டாரு. வாங்க தாத்தா” என்று அவரை உள்ளே அழைத்துப் போனபோதுதான் நான் மூச்சுவிட்டேன்.

கதவு மூடிய மறுநிமிடம் சகலை ஓடிவந்தார். சட்டை முழுவதும் கிரீஸ். பின்னாலேயே என் மனைவி.

“மாமா எங்கண்ணே?”

“உள்ள. போட்டுடுவாங்க.”

அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். “காலையில மெயில் வரலண்ணே. வரலைன்னா எனக்கு அந்த நாளே கிடையாது. எனக்கு ஞாபகமே நிக்காதுண்ணே, சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். மெயில்தான் என் மூளை.” போனை எடுத்துத் தடவித் தடவித் தேடினார். முகம் வெளுத்தது. “இதோ, ட்ராஃப்ட்ல கிடக்கு. நான்தான் பண்ணியிருக்கேன்.”

“என்ன பண்ணீங்க?” என்றாள் மனைவி.

“ஒரு தடவை நேரம் வெச்ச மெயில்ல அப்படியே எதையும் சேர்க்க முடியாதுண்ணி. ரத்து பண்ணணும், சேர்க்கணும், மறுபடி நேரம் வெச்சு அனுப்பணும். உங்க பிறந்தநாள் மெயில் போன வருஷமே போட்டு வெச்சது. போன மாசம் ஊசி நேரத்தை அதுல சேர்த்தேன். சேர்த்துட்டு மறுபடி நேரம் வெக்காம விட்டிருக்கேன். வெச்சமாதிரிதான் இருக்கு... இல்ல, வெக்கல. அதான் கிடக்கே.”

“நீங்களும் மறப்பீங்களா, தம்பி?” என்றாள் என் மனைவி.

பதினேழு ஆண்டுகள் நான் காத்திருந்த வாக்கியம். சொல் பிசகாமல் வந்துவிட்டது. நானாக ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். அவரே எனக்காகக் காரணம் கண்டுபிடித்து, அவரே குற்றத்தை ஏற்று, அவரே தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். நான் சும்மா இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்த நேரம் இனித்தது என்பதை மறைக்கமாட்டேன்.

சகலை என் பக்கம் திரும்பினார். “அண்ணே, இனிமே மாமா கண்ணை நீங்களே பாருங்க. என்னை நம்பக்கூடாது. இதையெல்லாம் நம்பினது தப்பு. இன்னும் இருபத்தேழு கிடக்கு, அத்தனையையும் அழிச்சிடறேன். இனி பேப்பர்ல எழுதிக்கிறேன். இதுல அடுத்தடுத்த ஊசித் தேதியெல்லாம் இருக்கு, முதல்ல நீங்க குறிச்சிக்குங்க.”

போனை என் கையில் கொடுத்தார். இந்த முறை கடைசிவரை படித்தேன்.

‘7.00 அண்ணனுக்கு போன். எதாவது எழுத்து சந்தேகம் கேள். பேச்சோட பேச்சா தேதி சொல்லிவிடு. 9.00க்கு மேல அண்ணிக்கு வாழ்த்து. அதுக்கு முன்ன வேண்டாம், அண்ணன் முதல்ல சொல்லட்டும். 10.45 மாமாவை கூப்பிட்டுக்கொள். ஊசி 11.30 இடது கண். பயப்படுவார், தபால் ஆபீஸ் கதை கேட்டுக்கொண்டே போ.’

கீழே அடுத்த மூன்று ஊசிகளின் தேதிகள்.

ஏழு மணிக்கு வந்த ‘பழுது’கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. எப்படியோ சரியான நேரத்தில் எனக்கு வந்துவிடும் என்று எழுதினேனே, அந்த நினைவு வந்த வழி இது. என் மனைவிக்கு நான் சொன்ன வாழ்த்துகள்கூட இவர் நேரம் வைத்து அனுப்பியவை. எனக்கு நன்றியுணர்ச்சி வரவில்லை. இதிலும் இவரே முந்திக்கொண்டாரா என்றுதான் முதலில் தோன்றியது. அதன்பின்தான் அவருடைய கட்டைவிரல் கண்ணில் பட்டது. போனைத் திருப்பி வாங்கிப் பட்டியலுக்குப் போயிருந்தார். கடிதங்களை ஒவ்வொன்றாகக் குறியிட்டுக்கொண்டிருந்தார்.

“அழிக்காதீங்க” என்றேன். “நீங்க நேரம் வெச்சிருந்தீங்க. ரத்து பண்ணினது நான்.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

“மூணாம் தேதி, எங்க வீட்டுல மெயிலை மூடாம போனீங்க. நான் திறந்து பார்த்தேன். பிறந்தநாள்னு மட்டும் படிச்சேன். நீங்க அவளுக்குப் பேசக்கூடாதுன்னு ரத்து பண்ணினேன். ஊசி அதுல இருக்கறது எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கிற அளவுக்குப் படிக்கல.”

சகலையின் கட்டைவிரல் நின்றது. என் மனைவி கையிலிருந்த புதுக் கடிகாரத்தைப் பார்த்தாள். அதைக் கழற்றவில்லை, மணியும் பார்க்கவில்லை.

“ஆறு மணிக்குத் தலை சீவிட்டு நின்னப்பவே எனக்கு இடிச்சுது” என்றாள். அதற்குமேல் அன்று முழுவதும் அவள் என்னிடம் பேசவில்லை.

கதவு திறந்தது. மாமனார் இடது கண்ணில் மூடியோடு வந்தார். நர்ஸின் தோளை விட்டுவிட்டு வலது கண்ணால் எங்களை ஒவ்வொருவராகத் தேடினார்.

“சின்ன மாப்ள வந்துட்டீங்களா? அடுத்த தடவை நீங்களே வாங்க. பெரிய மாப்ள வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசல. ஊசியைவிட அது பயமா இருந்துது.”

சகலைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். என் முகத்தைக் கண்டதும் அடக்க முடியவில்லை. குறியிட்டதையெல்லாம் நீக்கினார். பிறகு வரைவிலிருந்த கடிதத்தைத் திறந்தார். பழையவற்றை அழித்து, அடுத்த ஊசியை எழுதினார். பெறுநர் இடத்தில் தம் முகவரிக்குப் பக்கத்தில் இன்னொரு முகவரி சேர்த்தார்.

“உங்களுதும் போட்டுட்டேண்ணே. இங்க ரத்து பண்ணினா ரெண்டு பேருக்குமே வராது, ரெண்டும் ஒரே மெயில்தான். அதனால இனி மூடிட்டுப் போறேன்.” அனுப்பும் பொத்தானின் ஓரத்து அம்புக்குறியை அழுத்தி, ஆறு வாரம் தள்ளிய நாளையும் காலை 6.45 என்ற நேரத்தையும் தேர்ந்து, உறுதி செய்தார். திட்டமிட்டவற்றில் எண் ஒன்று கூடியது. அதை என்னிடம் காட்டினார்.

பெறுநர் வரிசையில் என் முகவரி இரண்டாவதாக இருந்தது.

மறுநாள் அலுவலகத்தில், அறிவியல் நூலின் மெய்ப்பை ஒதுக்கி வைத்துவிட்டு, என் மின்னஞ்சலைத் திறந்தேன். எனக்கு நானே ஒரு கடிதம் எழுதினேன். ‘மாமாவுக்கு இன்று ஊசி. தபால் நிலையக் கதையைக் கேட்கவும். சகலையை நீயே முதலில் அழைக்கவும்.’ ஒற்றுகளைச் சரிபார்த்தேன். அம்புக்குறியை அழுத்தி, அதே நாளைத் தேர்ந்தேன்.

நேரம் 6.40 என்று வைத்தேன்.